ரிலீவிங் ஆர்டர் வாங்கினீர்களா, சிஸ்டர்?

நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் தேடலை விளம்பரத்திலிருந்து தொடங்குகிறார்கள். எந்த நாட்டில் ஆள் எடுக்கிறார்கள், எவ்வளவு சம்பளம், தங்குமிடம் இலவசமா என்று கேட்கிறார்கள். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர் பார்ப்பதோ வேறு. படிப்பு முடிந்து முதலில் சேர்ந்த மருத்துவமனையில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், அன்றைக்கு உங்கள் பெயர் நர்ஸ் பதிவேட்டில் இருந்ததா, அங்கிருந்து எப்படி விலகினீர்கள் என்று அவர் பார்க்கிறார். சவூதியிலும் துபாயிலும் தகுதி இருந்தும் திரும்பி வரும் விண்ணப்பங்களில் நிறைய இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

ஒரு கற்பனை நர்ஸை வைத்துப் பேசினால் எளிதாகப் புரியும். செல்வி என்று வைத்துக்கொள்வோம். விருதுநகர்ப் பக்கம். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தார். முடித்த கையோடு சொந்த ஊரில் இருபது படுக்கை கொண்ட ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்து பதினான்கு மாதம் வேலை பார்த்தார். பிறகு மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் இரண்டே கால் ஆண்டு. இப்போது சவூதி சுகாதார அமைச்சகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறார். விளம்பரம் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது. தனக்கு மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கிறது என்று செல்வி நினைக்கிறார்.

முதலில் பதிவைப் பார்ப்போம். பட்டம் வாங்கிவிட்டால் நர்ஸ் ஆகிவிட்டதாகச் சட்டம் கருதுவதில்லை. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிந்து, பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மருத்துவச்சி என்ற இரண்டு தகுதியும் சேர்ந்த ஆர்.என்.ஆர்.எம். எண்ணை வாங்கிய பிறகே ஒருவர் நர்ஸ். இந்தக் கவுன்சிலின் அடிப்படை 1926ஆம் ஆண்டுச் சட்டம். நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அது பாடத்திட்டத்தையும் கல்லூரிகளின் தரத்தையும் பார்க்கிறது. ஆளைப் பதிவது மாநிலக் கவுன்சிலின் வேலை. இப்போது எல்லா மாநிலப் பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, என்.யூ.ஐ.டி. என்ற தேசிய அடையாள எண் ஒன்றும் தருகிறார்கள்.

செல்வி படிப்பு முடித்த வாரமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பதிவுக்கு விண்ணப்பித்தது சாவகாசமாக. கையில் எண் வந்தபோது எட்டு மாதம் ஓடியிருந்தது. நர்சிங் ஹோமில் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் வெளிநாட்டு ஆணையங்கள் அனுபவத்தைப் பதிவுத் தேதியிலிருந்துதான் எண்ணும். பதிவில்லாமல் பார்த்த எட்டு மாதம் கணக்கிலேயே வராது. பதினான்கில் மிச்சம் ஆறு.

பெங்களூரிலோ ஆந்திராவிலோ படித்துவிட்டு வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுற்று உண்டு. அவர்களுடைய முதல் பதிவு அந்தந்த மாநிலக் கவுன்சிலில் இருக்கும். தமிழ்நாட்டில் வேலை பார்க்க, அங்கே தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கோவையிலும் ஓசூரிலும் ஆண்டுக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளூரில் பிரச்சினை தலைதூக்காது. வெளிநாட்டுக்காரர் சரிபார்க்கும்போது, வேலை பார்த்த மாநிலத்தில் இவருக்கு உரிமம் இருந்ததா என்ற கேள்வி வரும்.

அடுத்தது சரிபார்ப்பு. வளைகுடா நாடுகளின் சுகாதார ஆணையங்கள் நீங்கள் அனுப்பும் நகல்களை நம்புவதில்லை. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்து, சான்றிதழ் கொடுத்த இடத்திலேயே நேராகக் கேட்கச் சொல்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இந்தப் பதிவு எண்ணில் இந்தப் பெயரில் பட்டம் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். கவுன்சிலுக்கு எழுதி உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்பார்கள். வேலை பார்த்த மருத்துவமனைக்கு எழுதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர் மூன்றையும் உறுதி செய்யச் சொல்வார்கள். பதில்கள் நீங்கள் கொடுத்ததோடு பொருந்தினால் நல்ல அறிக்கை. பொருந்தாவிட்டால் எதிர்மறை அறிக்கை. பதிலே வராவிட்டால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது வகை பொய்ச் சான்று என்ற அர்த்தத்தில் வருவதில்லை. ஆனாலும் விண்ணப்பம் அதோடு நின்றுபோகும்.

செல்வியின் நர்சிங் ஹோம் கொடுத்த சான்று டாக்டரின் லெட்டர்பேடில் இருந்தது. ‘எங்கள் மருத்துவமனையில் நல்ல முறையில் பணியாற்றினார்’ என்று இருந்ததே தவிர, ஸ்டாஃப் நர்ஸ் என்ற பதவியோ தேதிகளோ இல்லை. அந்த நர்சிங் ஹோமும் இப்போது மூடிக் கிடக்கிறது. கேட்டு எழுதினால் பதில் சொல்ல ஆளில்லை. ஆறு மாதக் கணக்குக்காக அதையும் சரிபார்ப்புக்குக் கொடுத்தால், முழு அறிக்கையிலும் ஒரு கறை விழும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டால், அந்தச் சான்றைத் தனியே வைத்துவிட்டு மதுரை அனுபவத்தை மட்டும் சரிபார்ப்புக்குக் கொடுக்கச் சொல்வார்கள். கேட்டது இரண்டு ஆண்டு. மதுரையில் இருப்பது இரண்டே கால். நேர்காணலில் முந்தைய வேலையைப் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். சொன்னதும், சரிபார்ப்புக்குக் கொடுத்ததும் வேறு வேறு என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது எல்லா எடையும் மதுரைச் சான்றின் மேல் வந்து உட்காருகிறது. ஐ.சி.யூ. வேலையில் மனம் சலித்து, மாதக் கடைசிச் சம்பளம் கைக்கு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் பழக்கம் நம் தனியார் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது. அதற்கு நிர்வாகங்களின் பங்கு பெரியது. மூன்று மாத நோட்டீஸ், பாண்டு, பறித்து வைத்துக்கொண்ட மூலச் சான்றிதழ்கள் என்று பயமுறுத்தினால் ஆள் இரவோடு இரவாகத்தான் போவார். என்றாலும் விலை கொடுப்பவர் நர்ஸ்தான். நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் ஆர்டர் வாங்கி வராதவரை மருத்துவமனைக் கோப்பில் ‘தகவலின்றி நின்றவர்’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து டேட்டாஃப்ளோ கேட்கும்போது எச்.ஆர். பிரிவில் இருக்கும் புதியவர் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் பதில் எழுதுவார். செல்வி நோட்டீஸ் கொடுத்து முறையாக விலகியிருந்தார். அனுபவச் சான்றில் ‘ஸ்டாஃப் நர்ஸ், ஐ.சி.யூ.’ என்ற பதவியும் இரண்டு தேதிகளும் இருந்தன. நியமன உத்தரவும் சம்பளச் சீட்டுகளும் கையில் இருந்தன. கடைசி நாளில் எச்.ஆர். பிரிவின் அலுவலக மின்னஞ்சல் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டார். சரிபார்ப்புக்குப் போகும் படிவத்தில் அந்த முகவரி கேட்கப்படும்.

சேரும்போதே மூலச் சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னால், காட்டிச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நகல் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாத இடம், விலகும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அன்றைக்கே ஊகிக்கலாம்.

நம் ஊருக்கென்றே உள்ள ஒரு சிக்கல், இனிஷியல். பட்டத்தில் ‘எம். செல்வி’. ஆர்.என்.ஆர்.எம். சான்றில் ‘செல்வி எம்.’ பாஸ்போர்ட்டில் பெயர் செல்வி, குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் முருகன். திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. நமக்கு இது நால்வரல்ல, ஒருவர்தான் என்று பார்த்தவுடன் தெரியும். துபாயில் உட்கார்ந்திருக்கும் சரிபார்ப்பாளருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றில் தொடங்கிப் பாஸ்போர்ட் வரை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இனிஷியல் விரிவு மட்டும் வேறுபட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். பெயரின் எழுத்தே மாறியிருந்தால், அல்லது பிறந்த தேதி மாறியிருந்தால், மூலத்தில் திருத்தியாக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். விளம்பரம் வந்த பிறகு தொடங்கினால் வண்டி போய்விடும்.

கவுன்சிலிடமிருந்து நன்னடத்தைச் சான்று ஒன்றும் வேண்டும். இந்த நர்ஸ் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை, பதிவு நடப்பில் இருக்கிறது என்று சொல்லும் காகிதம் அது. அதற்கு ஆயுள் சில மாதங்கள்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கி வைத்துவிட்டுக் கடைசியில் காலாவதி ஆகிப்போன கதைகள் உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இந்தச் சான்று கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சவூதிக்குப் போகிறவர் அந்நாட்டு சுகாதாரத் துறை வல்லுநர் ஆணையத்தின் ‘முமாரிஸ் பிளஸ்’ என்ற இணையக் கணக்கின் வழியே விண்ணப்பித்து, வகைப்பாடு வாங்க வேண்டும். பி.எஸ்சி. படித்தவர் ஸ்பெஷலிஸ்ட், ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவர் டெக்னீஷியன் என்று பிரிப்பார்கள். சம்பளமும் பதவியும் அதை ஒட்டி வரும். கூடவே கணினியில் எழுதும் பல விடைத் தேர்வு ஒன்று. அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரால் ‘புரோமெட்ரிக்’ என்றே நர்ஸ்கள் சொல்கிறார்கள். துபாய்க்கு ஓர் ஆணையம், அபுதாபிக்கு இன்னொன்று, கத்தாருக்கும் ஓமானுக்கும் வேறு. ஒரு நாட்டுத் தேர்வில் தேறினால் மற்ற எல்லா நாட்டுக்கும் சேர்த்துத் தேறியதாகாது. எந்த நாடு என்று முடிவு செய்த பிறகு பணம் கட்டுவது நல்லது.

பணம் என்றதும் ஏஜெண்டுகள். 2015இல் கொச்சியில் ஒரு நிறுவனம், குவைத் போகும் நர்ஸ்களிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் வரை வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. சுழியம் இரண்டைச் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் நிலமும் நகையும் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் மத்திய அரசு, சவூதி, அமீரகம், கத்தார், குவைத் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு நர்ஸ்களை ஆள் எடுப்பதை அரசு நிறுவனங்கள் வழியாக்கியது. படித்த மற்றவர்களுக்குத் தேவைப்படாத குடியேற்ற அனுமதியை நர்ஸ்களுக்குக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அந்த அரசு நிறுவனம், 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் இருக்கிறது. கேரளத்தில் நோர்கா, ஒடெபெக். சேவைக் கட்டணத்துக்கு விதி வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும். விசிட் விசாவில் வாருங்கள், வந்த பிறகு வேலை விசா மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், இந்தப் பாதுகாப்பு முழுவதையும் விட்டுவிட்டு வரச் சொல்கிறார் என்று பொருள்.

பிரிட்டன் பாதை வேறு மாதிரி. அங்கே என்.எம்.சி. என்ற ஒரே ஆணையம். முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ்.இல் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. அல்லது மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி.யில் மூன்றில் பி தரமும் எழுத்தில் சி பிளஸும். அதன்பின் இந்தியாவிலேயே எழுதக்கூடிய கணினித் தேர்வு. கடைசியாக அங்கே போய்ச் செய்து காட்டும் ‘ஆஸ்கி’ தேர்வு, பத்து நிலையங்கள், கட்டணம் 794 பவுண்டு. வேலை கொடுக்கும் மருத்துவமனைகள் பெரும்பாலும் இந்தச் செலவை ஏற்றுக்கொள்ளும். அங்குள்ள விதிப்படி நர்ஸிடம் ஏஜென்சி கமிஷன் வாங்கக் கூடாது. ஆனால் 2024 முதல் அங்கே வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கி ஆங்கிலப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கட்டட்டும்.

போகாமல் இங்கேயே இருப்பவர்களுக்கு என்ன வழி? அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. தேர்வு. அதில் தேறினாலும் முதலில் தொகுப்பூதியம், நிரந்தரம் பிறகு. அந்தப் ‘பிறகு’ எப்போது என்பதுதான் நர்ஸ்கள் பலமுறை சாலைக்கு வந்து கேட்ட கேள்வி. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நோர்செட் என்ற பொதுத் தேர்வு. தனியாரில் சம்பளம் பற்றி 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு ஒரு கணக்குச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் கீழ் உள்ள மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸ் வாங்குவதற்கு இணையாகக் கொடுக்க வேண்டும். பரிந்துரை நல்லதுதான். விருதுநகர் நர்சிங் ஹோம்களில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஷிப்டுக்கு வருவோம். நம் ஊரில் காலையும் மதியமும் ஆறு அல்லது ஏழு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம் என்பது பழகிய முறை. சில பெரிய மருத்துவமனைகளில் இரவும் பகலும் பன்னிரண்டு. வளைகுடாவில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. எட்டு மணி நேரமாக ஆறு நாளோ, பன்னிரண்டு மணி நேரமாக நான்கு நாளோ வரும். பிரிட்டனில் வாரம் 37.5 மணி நேரம். ஒரு ஷிப்ட் இடைவேளையோடு பன்னிரண்டரை மணி நேரம் வரை நீளும்.

தாளில் எழுதிய மணி நேரத்தைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, ஓவர் கொடுக்கும் நேரம். ஏழு மணிக்கு ஷிப்ட் முடிகிறது என்றால் ஏழுக்கு வீட்டுக்குப் போக முடியாது. அடுத்தவர் வந்து, ஒவ்வொரு படுக்கையாக நின்று ஓவர் எடுத்து, மருந்துக் கணக்கையும் அவசர வண்டியையும் சரிபார்த்து முடிக்க அரை மணி, முக்கால் மணி ஆகும். அது ஊதியத்தில் சேருமா சேராதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி. இந்திய நர்சிங் கவுன்சில் சாதாரண மருத்துவமனையின் பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்று சொல்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்பது ஐ.சி.யூ. வழக்கு. இரவு டியூட்டியில் இருபது பேரை ஒருவர் பார்த்த அனுபவம் நம் நர்ஸ்களிடம் ஏராளம். அதை நேர்காணலில் பெருமையாகச் சொல்லாதீர்கள். கேட்பவருக்கு அது, ஒருவரையும் சரியாகப் பார்த்திருக்க முடியாது என்று கேட்கும்.

நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதைத் தயார் செய்துகொண்டு போகிறவர்கள் நிறைய. அது இரண்டு நிமிடம். மிச்ச நேரம் முழுக்க நோயாளிதான். ஐ.சி.யூ. என்று எழுதியிருந்தால், உங்கள் யூனிட்டில் எத்தனை படுக்கை, கடைசியாக எந்த மருந்தை இன்ஃப்யூஷன் பம்பில் ஓட்டினீர்கள், ஏ.பி.ஜி. அறிக்கையில் சாதாரண பி.எச். எவ்வளவு என்று தொடங்குவார்கள். 7.35 முதல் 7.45 வரை என்று யோசிக்காமல் வர வேண்டும். வராவிட்டால் இரண்டு ஆண்டு ஐ.சி.யூ. என்பதை அவர்கள் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான கேள்வி. செல்வியிடம் கேட்கிறார்கள்: “சிஸ்டர், வயிற்று அறுவை முடிந்து இரண்டு மணி நேரம் ஆன நோயாளி. வார்டுக்கு வந்தபோது பி.பி. 130/80. இப்போது 90/60, பல்ஸ் 118. என்ன செய்வீர்கள்?”

பத்துக்கு எட்டுப் பேர் சொல்லும் பதில், “டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணுவேன்.” இது தவறான பதில் இல்லை. ஆனால் டாக்டர் வரும்வரை அந்தப் பத்து நிமிடத்தில் நர்ஸ் என்ன செய்தார் என்று கேட்டால் அதில் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்டவர் பார்க்க விரும்புவது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

நல்ல பதில் படுக்கையருகில் தொடங்குகிறது. நோயாளியைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், பதில் சொல்கிறாரா, குழம்பியிருக்கிறாரா. மூச்சு எப்படி இருக்கிறது, ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு; ஆக்ஸிஜன் வைக்கிறேன். தலையணையை எடுத்துச் சமமாகப் படுக்க வைக்கிறேன். மெஷின் காட்டியதை நம்பிவிடாமல் கையால் பி.பி. இன்னொரு முறை எடுக்கிறேன். டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறதா, டிரெயினில் எவ்வளவு வந்திருக்கிறது, நிறம் என்ன என்று பார்க்கிறேன். முதுகுக்குக் கீழே கையை விட்டுப் பார்க்கிறேன், ரத்தம் முன்னால் தெரியாமல் பின்னால் வழிந்திருக்கலாம். வயிறு உப்பியிருக்கிறதா, கைகால் சில்லிட்டிருக்கிறதா. கடைசி ஒரு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு. வென்ஃப்ளான் வேலை செய்கிறதா, பெரிய அளவில் இன்னொன்று போட ஆள் கூப்பிடுகிறேன். இதைச் செய்துகொண்டே உடனிருப்பவரை டாக்டருக்குப் போன் போடச் சொல்கிறேன். நோயாளியை விட்டுப் போக மாட்டேன்.

அந்தப் போனில் என்ன சொல்வது என்பதையும் கேட்பார்கள். எஸ்பார் என்று ஒரு வரிசை எல்லா நாட்டிலும் பழக்கத்தில் இருக்கிறது. இப்போது என்ன நிலை, நோயாளியின் பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். “சார், ஐந்தாவது படுக்கை, இரண்டு மணி நேரத்துக்கு முன் வயிற்று ஆபரேஷன் முடிந்தவர். பி.பி. 130/80இலிருந்து 90/60 ஆகிவிட்டது, பல்ஸ் 118, டிரெயினில் இரண்டு மணி நேரத்தில் 350 மில்லி புது ரத்தம். உள்ளே ரத்தக் கசிவு என்று சந்தேகப்படுகிறேன். உடனே வந்து பார்க்க வேண்டும். ஃப்ளூயிட் வேகமாகப் போடலாமா, ரத்தத்துக்கு சாம்பிள் அனுப்பலாமா?” ‘நான் சந்தேகப்படுகிறேன்’ என்று டாக்டரிடம் சொல்ல நம் நர்ஸ்களுக்குத் தயக்கம். நம் மருத்துவமனைகளில் அப்படிச் சொன்னால் திட்டு விழுந்த அனுபவம் இருக்கும். வெளிநாட்டு நேர்காணலில் அந்த வாக்கியம் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.

அடுத்து ஒரு கிடுக்கிப்பிடி போடுவார்கள். “டாக்டர் ஓ.டி.யில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. அப்புறம்?” இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். டியூட்டி டாக்டர், பதிவாளர் நிலையில் இருப்பவர், நர்சிங் சூப்பர்வைசர், அவசர உதவிக் குழு என்று மேலே மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். யாரைக் கூப்பிட்டேன், எத்தனை மணிக்கு என்று நோட்ஸில் எழுத வேண்டும். ‘நான் சொல்லிவிட்டேன், அவர் வரவில்லை’ என்பதை எந்த ஊரிலும் பதிலாக ஏற்க மாட்டார்கள்.

இதே அச்சில்தான் மற்ற கேள்விகளும். ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் குளிர், நடுக்கம், முதுகுவலி என்றால், முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பது பதில் ஆகாது. புதிய செட்டில் நார்மல் சலைன் போட்டு நரம்பைக் காப்பாற்றி, பையையும் பெயரையும் மறுபடி ஒப்பிட்டு, டாக்டருக்கும் ரத்த வங்கிக்கும் சொல்லி, அந்தப் பையைத் தூக்கிப் போடாமல் திருப்பி அனுப்ப வேண்டும். தவறான மருந்து கொடுத்துவிட்டீர்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ‘அப்படி நடந்ததே இல்லை’ என்பது மிக மோசமான பதில். முதலில் நோயாளியைப் பார்ப்பேன், டாக்டருக்கும் இன்சார்ஜுக்கும் சொல்வேன், சம்பவ அறிக்கை எழுதுவேன் என்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஒளிக்காத நர்ஸ் வேண்டும் அவர்களுக்கு.

ஒரு கணக்காவது கட்டாயம் வரும். 1,000 மில்லி ஃப்ளூயிட் எட்டு மணி நேரத்தில் ஓட வேண்டும், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஆயிரத்தை இருபதால் பெருக்கி, எட்டு மணி நேரத்தின் 480 நிமிடத்தால் வகுத்தால் 41.6, அதாவது 42. ஜென்டாமைசின் 60 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கையில் இருப்பது 2 மில்லியில் 80 மில்லிகிராம் என்றால் எவ்வளவு எடுப்பீர்கள்? ஒன்றரை மில்லி. பள்ளிக் கணக்குதான். ஆனால் பம்ப் வைத்தே பழகியவர்களுக்கு எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருக்கும்போது கை உதறும். பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கி எழுதிப் போடுங்கள். யாரும் குறைவாக நினைப்பதில்லை. மனக்கணக்கில் தவறான பதில் சொல்பவரைவிட எழுதிச் சரியாகச் சொல்பவரைத்தான் வார்டில் விடுவார்கள்.

கடைசியில், “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். ஒன்றுமில்லை சார், நன்றி என்று எழுந்துவிடுவது நம் வழக்கம். செல்வி கேட்க வேண்டியது இருக்கிறது. எந்த யூனிட், ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, தொடர்ந்து எத்தனை நைட், ஆள் குறைந்தால் வேறு வார்டுக்கு அனுப்புவார்களா, முதலில் எத்தனை வாரம் மூத்தவரோடு நின்று பழகலாம். இதைக் கேட்பவரை அவர்கள் வேலை தெரிந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தேர்வானபின் ஒப்பந்தம் வரும். சவூதி ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்; இரண்டும் முரண்பட்டால் அங்குள்ள தொழிலாளர் சட்டப்படி அரபிதான் செல்லும். எனவே கையெழுத்துப் போடுமுன் அரபிப் பக்கத்தில் இருக்கும் சம்பள எண்ணும், வேலை நேர எண்ணும், ஒப்பந்த ஆண்டும் ஆங்கிலப் பக்கத்தோடு ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரபு எண்கள் பத்தே பத்து; ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பிரிவு எங்கே இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு பிரதியும், குடியேற்ற அனுமதிப் பக்கத்தின் நகலும் ஊரில் அம்மாவிடமோ அண்ணனிடமோ இருக்கட்டும். மதுரை மருத்துவமனையில் வாங்கிய ரிலீவிங் ஆர்டரின் மூலம் மட்டும் செல்வியின் கைப்பையில் போகட்டும். இரண்டு ஆண்டு கழித்துக் கத்தாருக்கு மாற நினைத்தால் அதை மறுபடியும் கேட்பார்கள்.